4கே ஃபுட்டேஜ், பழைய லேப்டாப்: பிராக்ஸி போட்டு எடிட் பண்றது எப்படி

கேள்வி: "அண்ணே, நான் மோல்மேன். ஐ5 அஞ்சாவது ஜெனரேஷன் லேப்டாப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. சொந்தக்காரங்க கல்யாணம் ஒண்ணு 4கே-ல எடுத்துட்டேன், கேமராவுல 2 மணி நேரம், போன்ல 40 நிமிஷம், எல்லாம் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. கேடென்லைவ்ல டைம்லைன்ல வச்சாலே தொங்குது. ரேம் கூட்டணுமா, இல்ல புது லேப்டாப்தான் வழியா? பிராக்ஸின்னு சொல்றாங்க, அதுல குவாலிட்டி போயிடாதா?"

தம்பி, ரேம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க, காசு செலவில்லாதது. டைம்லைன்ல கேமரா கிளிப்பை ஓட விட்டுட்டு பக்கத்துல டாஸ்க் மேனேஜரைத் திறந்து வச்சுக்கோங்க. சிபியூ 100 சதவீதத்துல நிக்குது, டிஸ்க் அஞ்சு பத்து சதவீதத்துல சும்மா இருக்குதுன்னா பிரச்சனை டிஸ்க்லயும் இல்ல ரேம்லயும் இல்ல, வீடியோவைப் பிரிச்சுக் காட்டற வேலைதான் உங்க ப்ராசசருக்கு முடியல. டிஸ்க் 100-ல நின்னா ஹார்ட் டிஸ்கோ கேபிளோ சரியில்ல, பழைய யூஎஸ்பி 2 ஓட்டையில சொருகியிருக்கீங்களான்னு பாருங்க. ரேம் முழுக்க நிரம்பி மவுஸே நகர மாட்டேங்குதுன்னா அப்ப ரேம். உங்க மெஷினுக்கு முதல் கேஸ்தான்னு நான் பந்தயமே கட்டுவேன், ஆனா நீங்களே கண்ணால பார்த்துக்கறது நல்லது.

ஏன் டிஸ்க் இல்லன்னு சொல்றேன்னா, இங்க நிறைய பேர் பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கிட்டு எஸ்எஸ்டி வாங்க ஓடறாங்க. உங்க கேமரா செகண்டுக்கு 100 மெகாபிட்டுல எழுதுதுன்னு வச்சுக்கோங்க (இந்த மாதிரி மிரர்லெஸ் கேமராவுல 4கே-க்கு அதுதான் வழக்கமான கணக்கு), அதை எட்டால வகுத்தா 12.5 மெகாபைட்டுதான். சாதாரண யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 100 மெகாபைட்டு பக்கம் கொடுக்கும். அதாவது டிஸ்க் தூங்கிக்கிட்டே கொடுத்துடும். கஷ்டம் எங்கேன்னா அந்த 12.5 மெகாபைட்டை ப்ராசசர் அவிழ்த்து, ஒவ்வொரு ஃப்ரேமும் 3840க்கு 2160-ன்னு 83 லட்சம் புள்ளியா, செகண்டுக்கு 25 தடவை விரிக்கணும் பாருங்க, அங்கதான்.

அதுலயும் எச்.264, எச்.265 ரெண்டுமே எடிட்டிங்குக்குன்னு செஞ்ச கோடெக் இல்ல, சின்ன ஃபைல்ல நிறைய நேரம் அடைக்கறதுக்குன்னு செஞ்சது. பத்து பதினஞ்சு ஃப்ரேமுக்கு ஒரு தடவைதான் முழுப் படத்தைச் சேமிச்சு வைக்கும், நடுவுல உள்ளதெல்லாம் முன்ன பின்ன இருக்கிற படத்துலேருந்து என்ன மாறுச்சுங்கிறதை மட்டும் எழுதி வச்சிருக்கும். வாரப் பத்திரிகையில தொடர்கதையை நடுவுல ஒரு வாரம் எடுத்துப் படிச்சா ஒண்ணும் புரியாதுல்ல, அதே கதை. சும்மா நேரா ஓட்டினா ஓரளவு ஓடும், நீங்க டைம்லைன்ல மவுஸை வச்சு முன்னாடி பின்னாடி இழுக்கும்போது ஒவ்வொரு தடவையும் முந்தின முழுப் படத்துக்குப் போய் அங்கேருந்து கணக்குப் போட்டுக்கிட்டு வரணும். அதான் தொங்குது. போன் ஃபுட்டேஜ் இன்னும் மோசம், ஏன்னா போன் அனேகமா எச்.265-ல எழுதியிருக்கும், இன்டெல்ல அதை ஹார்டுவேர்லயே முழுசா அவிழ்க்கற வசதி ஆறாவது ஜெனரேஷன்லதான் 8-பிட்டுக்கு வந்துச்சு, 10-பிட்டுக்கு ஏழாவதுலதான். உங்களுது அஞ்சாவது, அதனால பாரம் பூரா சிபியூ தலையிலதான் விழும்.

இன்னொரு தப்பான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிடறேன். ப்ரிவியூ மானிட்டர்ல ரெசல்யூஷனைக் குறைச்சு 540பி, 360பி-ன்னு வச்சா சரியாயிடும்னு சொல்வாங்க. கொஞ்சம் உதவும், எஃபெக்ட் நிறைய போட்டிருந்தா நல்லாவே உதவும். ஆனா எச்.264 ஃபைலை அவிழ்க்கற வேலை அப்படியேதான் இருக்கு, முழு 4கே-யையும் அவிழ்த்துட்டு அப்புறம்தான் சின்னதாக்கிக் காட்டும். நீங்க இதை ட்ரை பண்ணிப் பார்த்து ஒண்ணும் மாறலன்னு சொல்றீங்கன்னா காரணம் இதுதான்.

பிராக்ஸின்னா என்னன்னா, உங்க ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன சைஸ்ல, சுலபமா அவிழ்க்கற கோடெக்ல ஒரு நகல். எடிட் பண்ணும்போது சாஃப்ட்வேர் அந்த நகலைக் காட்டும், கடைசியில ரெண்டர் பண்ணும்போது ஒரிஜினல் 4கே ஃபைலுக்குத் திரும்பிப் போய் அதுலேருந்துதான் எடுக்கும். அதனால குவாலிட்டி போகாது, இதுல சந்தேகமே வேண்டாம். குவாலிட்டி போச்சுன்னு யாராவது சொன்னா அவங்க ரெண்டர் விண்டோவுல பிராக்ஸியை வச்சே ரெண்டர் பண்ணுன்னு இருக்கிற டிக்கைத் தெரியாம போட்டிருப்பாங்க, இல்ல ஒரிஜினல் இருந்த ஹார்ட் டிஸ்கைக் கழட்டிட்டு ரெண்டர் பண்ணியிருப்பாங்க. ரெண்டர் ஆனதும் பொண்ணோட பட்டுப் புடவை ஜரிகையை முழுத் திரையில பாருங்க, மொழுமொழுன்னு கரைஞ்சு போயிருந்தா பிராக்ஸியிலேருந்து வந்துடுச்சுன்னு அர்த்தம்.

பிராக்ஸிக்கு முன்னாடி ப்ராஜெக்ட் செட்டிங். உங்க சொந்தக்காரங்க இதை எங்க பார்ப்பாங்க? டிவியில பென்டிரைவ் சொருகி, போன்ல ஃபேஸ்புக்ல. அதுக்கு 1080பி தாராளம். ப்ராஜெக்ட்டை 1920க்கு 1080, 25 ஃப்ரேம்னு ஆரம்பிச்சுடுங்க. முதல் கிளிப்பை உள்ள போட்டதும் கேடென்லைவ், கிளிப்புக்கு ஏத்த மாதிரி ப்ராஜெக்ட்டை மாத்தட்டுமான்னு கேட்கும், வேண்டாம்னு சொல்லிடுங்க, அவசரத்துல சரின்னு அமுக்கிட்டா ப்ராஜெக்ட் 4கே ஆயிடும், அப்புறம் டைட்டில், டிசால்வ், கலர் எல்லாமே நாலு மடங்கு புள்ளிக்கு வேலை செய்யணும். 1080 ப்ராஜெக்ட்ல 4கே கிளிப் இருக்கிறதுல ஒரு லாபமும் இருக்கு, தாலி கட்டற ஷாட்டை ரெண்டு மடங்கு வரைக்கும் உள்ள ஜூம் பண்ணாலும் ஷார்ப்பாவே நிக்கும். 25 ஃப்ரேம் ஏன்னா நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மண்டப லைட்டுக்குக் கீழ 25 ஃப்ரேம், ஷட்டர் 50-ல ஒண்ணுன்னு எடுத்தாதான் லைட் மினுக்காம இருக்கும். கேமராவுல 30-ல எடுத்திருந்தீங்கன்னா ப்ராஜெக்ட்டையும் 30-ன்னே வச்சுக்கோங்க, ஃபுட்டேஜ்ல எது அதிகமோ அதுக்குத்தான் ப்ராஜெக்ட்.

போன் கிளிப்பை அப்படியே உள்ள போடாதீங்க. போன் எழுதறது நிலையான ஃப்ரேம் ரேட் இல்ல, வெளிச்சம் குறைஞ்சா 30 இருக்கிறது 27 ஆகும், 24 ஆகும், அதுபாட்டுக்கு மாறிக்கிட்டே இருக்கும். டைம்லைன்ல என்ன ஆகும்னா முதல் நிமிஷம் நாதஸ்வரமும் வாயசைவும் சேர்ந்து போகும், பத்தாவது நிமிஷத்துல சத்தம் முன்னாடி போயிடும். கொஞ்சம் கொஞ்சமா விலகிக்கிட்டே போனா இதுதான் காரணம், ஆரம்பத்துலேருந்தே ஒரே அளவு விலகியிருந்தா வேற காரணம். கேடென்லைவ் புது வெர்ஷன்கள் இதைக் கண்டுபிடிச்சு மாத்தட்டுமான்னு தானே கேட்கும். ஆனா நம்ம ப்ராஜெக்ட் எப்படியும் 1080 தானே, அதனால போன் கிளிப்பை மட்டும் முதல்லயே 1080பி, 25 ஃப்ரேம், எச்.264-ன்னு மாத்தி, அந்த மாத்தின ஃபைலையே ஒரிஜினலா வச்சு எடிட் பண்றது எனக்குப் பிடிச்ச வழி. எஃப்எஃப்எம்பெக்ல ஒரு வரி:

```
ffmpeg -i IMG_2041.MOV -vf "fps=25,scale=1920:-2" -c:v libx264 -crf 17 -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k IMG_2041_25.mp4
```

ஃபைல் பேரை உங்களுதுக்கு மாத்திக்கோங்க, ப்ராஜெக்ட் 30-ன்னா `fps=30`-ன்னு போடுங்க. இது படுக்கை வாக்குல எடுத்த கிளிப்புக்கு. நிமிர்த்தி எடுத்ததுக்கு `scale=1080:-2`-ன்னு போடுங்க, இல்லாட்டி தேவையில்லாம பெரிய ஃபைலா வரும். 30-லேருந்து 25-க்குக் கொண்டு வரும்போது நடுநடுவுல ஃப்ரேமை விடறதால கேமராவைப் பக்கவாட்டுல திருப்பற ஷாட்ல லேசான குலுக்கல் தெரியும், ஆளுங்க உட்கார்ந்து பேசற ஷாட்ல தெரியாது. மாத்தின கிளிப்புல கலர் வெளிறிப்போய் சாம்பல் அடிச்ச மாதிரி இருந்தா போன்ல எச்டிஆர் ஆன்ல இருந்திருக்கு, அதுக்கு தனியா கலர் மாத்தற வேலை இருக்கு, இந்த ஒரு வரி போதாது. அடுத்த தடவை எடுக்கும்போது அதை ஆஃப் பண்ணிடுங்க.

இப்ப பிராக்ஸி. ப்ராஜெக்ட் செட்டிங்க்ஸ்ல `Proxy`-ன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல இயக்கிட்டு மூணு விஷயம் பாருங்க. முதல்ல சைஸ். அகலம் 640-ன்னு இருக்கலாம், அது வெட்டறதுக்குப் போதும், ஆனா யாரு கண்ணை மூடியிருக்காங்கன்னு கூடத் தெரியாது. உங்க மெஷினுக்கு 1280 வச்சுப் பாருங்க, 4கே-யோட ஒப்பிட்டா புள்ளி ஒம்போதுல ஒரு பங்குதான். ரெண்டு கேமரா லேயர் ஒண்ணு மேல ஒண்ணு ஓட்டும்போது இழுத்தா 960-க்கு இறங்குங்க. ரெண்டாவது, என்கோடிங் ப்ரொஃபைல். எச்.264 வகையும் இருக்கும், எம்ஜேபெக்கும் இருக்கும், எம்ஜேபெக்கை எடுங்க. எம்ஜேபெக்ல ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி முழுப் படம், புரோரெஸ் பிராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி இதுங்களும் அதே ஜாதிதான், அதனால மவுஸை எங்க இழுத்தாலும் உடனே அந்தப் படம் வந்து நிக்கும். ஃபைல் பெருசாத்தான் வரும், அதைப் பத்திக் கவலைப்படாதீங்க, இடத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கறோம். மூணாவது, எங்க சேமிக்கறது. பிராக்ஸி உங்க உள் எஸ்எஸ்டியில இருக்கணும், ஒரிஜினல் வெளி ஹார்ட் டிஸ்க்லயே இருக்கட்டும். ப்ராஜெக்ட் ஃபோல்டரை நீங்களே ஒரு இடம் சொல்லி வச்சுடுங்க, சொல்லலன்னா அது விண்டோஸ் டிரைவ்ல ஏதோ ஒரு கேஷ் ஃபோல்டர்ல போய் உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு மூணு ப்ராஜெக்ட்ல டிரைவையே நிரப்பிடும்.

எல்லாக் கிளிப்புக்கும் ஒரேயடியா பிராக்ஸி போட ஆரம்பிக்காதீங்க. தானா உருவாக்கற டிக்கை எடுத்துட்டு, அஞ்சு நிமிஷக் கிளிப் ஒண்ணை மட்டும் ரைட் கிளிக் பண்ணி `Proxy Clip` போட்டு, வாட்ச்சைப் பார்த்து எவ்வளவு நேரம் ஆச்சு, ஃபைல் எவ்வளவு பெருசுன்னு குறிச்சுக்கோங்க. உங்ககிட்ட மொத்தம் 160 நிமிஷம், அதாவது அஞ்சு நிமிஷத்துல 32. உதாரணத்துக்கு ஒண்ணுக்கு 9 நிமிஷமும் 900 எம்பியும் ஆச்சுன்னா மொத்தம் 288 நிமிஷம், கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், 29 ஜிபி. இந்த நம்பர் உங்க மெஷின்ல வேறயா வரும், போன் கிளிப்பை முதல்லயே 1080-க்கு மாத்திட்டதால அதுங்க சீக்கிரமாவே முடிஞ்சிடும், ஆனா கணக்குப் போடற வழி இதுதான். எஸ்எஸ்டியில அந்த இடத்துக்கு மேல ஒரு 20 ஜிபியாவது சும்மா இருக்கணும், விண்டோஸுக்கும் ஸ்வாப்புக்கும்.

அஞ்சு மணி நேரம்னு வந்தா நம்ம நாட்டுல அடுத்த கேள்வி கரண்ட். ரங்கூன்லயே கரண்ட் முறை வச்சுத்தான் வருது, மோல்மேன்ல உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால ப்ராஜெக்ட் பின்ல கிளிப்பை நாலஞ்சா செலக்ட் பண்ணி பிராக்ஸி போடுங்க, ஒரு தவணை கரண்ட்ல முடியற அளவுக்கு. பேட்டரியில ஓட்டலாமேன்னு தோணும், பழைய பேட்டரி தாங்காதுங்கிறது ஒரு பக்கம், லேப்டாப் பேட்டரிக்கு மாறினதும் ப்ராசசர் வேகத்தையும் தானா குறைச்சிடும், கணக்கு பூரா தப்பாயிடும். நடுவுல கரண்ட் போயி லேப்டாப் அணைஞ்சிடுச்சுன்னா அந்த நேரத்துல ஓடிக்கிட்டிருந்த பிராக்ஸி அரைகுறையா இருக்கும், சாஃப்ட்வேர் அதை முழுசுன்னு நினைச்சு எடுத்துக்கவும் வாய்ப்பு உண்டு. டைம்லைன்ல ஓட்டும்போது ஒரு கிளிப் நடுவுல ஒரே படத்துல உறைஞ்சு போனாலோ கறுப்பானாலோ ஒரிஜினல் கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க, அந்தக் கிளிப்போட பிராக்ஸியை அழிச்சுட்டு மறுபடி போடுங்க. எஃப்எஃப்எம்பெக்ல போன் கிளிப் மாத்தும்போது கரண்ட் போனா இன்னும் தெளிவாவே தெரியும், அந்த எம்பி4 திறக்கவே திறக்காது, `moov atom not found`-ன்னு சொல்லும், ஏன்னா எம்பி4-ல எந்த ஃப்ரேம் எங்க இருக்குங்கிற அட்டவணையைக் கடைசியிலதான் எழுதும்.

சூடும் ஒரு விஷயம். தண்ணித் திருவிழா மாசத்துல ஃபேன் இல்லாத ரூம்ல லேப்டாப்பை மெத்தை மேல வச்சு பிராக்ஸி ஓட்டினா, முதல் கிளிப் வேகமா முடியும், நாலாவது கிளிப் ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும். டாஸ்க் மேனேஜர்ல சிபியூ வேகம் 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல இருந்தது 1-க்குக் கீழ இறங்கி நின்னா சூட்டுக்குப் பயந்து தன்னைத்தானே அடக்கிக்குது. மேசை மேல வச்சு பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி விடுங்க, உள்ள தூசி அடைச்சிருந்தா கழட்டித் துடைக்கச் சொல்லுங்க. ரேமுக்குக் கொடுக்கற கியாட்டுல இந்தச் சர்வீஸும் தெர்மல் பேஸ்ட்டும் செஞ்சா உங்க மெஷினுக்கு அதிகப் பலன். ரேமைப் பத்திக் கேட்டீங்க, 1080 ப்ராஜெக்ட், பிராக்ஸி, குரோம் மூடி வச்சிருக்கீங்கன்னா 8 ஜிபி போதும். டாவின்சிக்கு மாறப் போறேன்னா கதை வேற, அதுக்கு 16 ஜிபியும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாம இறங்காதீங்க.

இனி எடிட் உட்கார்ந்தா வழுக்கிக்கிட்டு ஓடும். ஆனா பிராக்ஸியில பார்த்து முடிவு பண்ணக்கூடாத விஷயம் சிலது இருக்கு. ஃபோகஸ் சரியா இருக்கா, இருட்டுல புள்ளிப்புள்ளியா நாய்ஸ் எவ்வளவு இருக்கு, ஷார்ப்னெஸ் எவ்வளவு போடலாம், இதெல்லாம் ஒரிஜினல்லதான் தெரியும். பிராக்ஸியில எல்லாமே சின்னதாகி ஷார்ப்பாத் தெரியும், நம்பி எடுத்துப் போட்ட ஷாட் கடைசியில மசமசன்னு இருக்கும். அதனால முக்கியமான பத்துப் பதினஞ்சு ஷாட்டுக்கு மட்டும் பிராக்ஸியை எடுத்துட்டு, நிறுத்தி வச்சுப் பாருங்க, தொங்கினாலும் பரவால்ல, ஒரு ஃப்ரேம் பார்த்தா போதும். ப்ளர், முகம் மறைக்கற மாஸ்க் மாதிரி எஃபெக்ட் போட்ட இடத்தையும் அப்படியே ஒரு தடவை ஒரிஜினல்ல பார்த்துக்கோங்க, பிராக்ஸியில தெரிஞ்ச அளவும் ரெண்டர்ல வர்ற அளவும் ஒண்ணா இருக்கான்னு. கலரை ஓரளவு பிராக்ஸியிலயே முடிச்சிடலாம். டிசால்வும் டைட்டிலும் குவிஞ்சு ஒரு இடம் மட்டும் இழுத்தா அந்தத் துண்டை மார்க் பண்ணி டைம்லைன் ப்ரிவியூ ரெண்டர் கொடுங்க, அதுக்காக மொத்த ப்ராஜெக்ட்டையும் சின்னதாக்க வேண்டாம்.

கடைசி ரெண்டர்ல பிராக்ஸி ஒரு நிமிஷத்தைக் கூட மிச்சப்படுத்தாது, இதை முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. அப்ப ஒரிஜினல் 4கே-யை அவிழ்த்தே ஆகணும், ஒரு மணி நேர வீடியோவுக்குப் பல மணி நேரம் போகலாம். அதனால ஒரே ஃபைலா ரெண்டர் பண்ணாம, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், விருந்துன்னு இயற்கையா கறுப்பாகி முடியற இடத்துல பிரிச்சு, ஒவ்வொண்ணையும் ஒரே செட்டிங்ல தனியா ரெண்டர் பண்ணுங்க, கரண்ட் போனா ஒரு துண்டுதான் போகும். எல்லாம் முடிஞ்சதும் `list.txt`-ன்னு ஒரு ஃபைல்ல ஒவ்வொரு வரியிலயும் `file '01.mp4'` மாதிரி வரிசையா எழுதி வச்சுட்டு இதை ஓட்டுங்க:

```
ffmpeg -f concat -safe 0 -i list.txt -c copy kalyanam.mp4
```

இது மறுபடி என்கோட் பண்ணாது, ஒட்டி மட்டும் வைக்கும், ரெண்டு மூணு நிமிஷ வேலை. பாட்டு ஓடிக்கிட்டிருக்கிற இடத்துல பிரிச்சீங்கன்னா ஒட்டுல சின்னதா டிக்குன்னு சத்தம் வரலாம், அதனால படம் கறுப்பாகறதோட சத்தமும் அடங்கற இடமாப் பார்த்துப் பிரிங்க. துண்டு துண்டா பண்ணப் பொறுமை இல்லன்னா எம்பி4-க்குப் பதிலா எம்கேவி-ல ரெண்டர் பண்ணுங்க, பாதியில அணைஞ்சாலும் அதுவரைக்கும் எழுதினது ஓடும், எது வரைக்கும் வந்திருக்குன்னு பார்த்து மிச்சத்தை மட்டும் ரெண்டர் பண்ணிக்கலாம்.

ப்ரீமியர் வச்சிருக்கிற வேற யாராவது இதைப் படிச்சா, உங்களுக்கும் கதை இதேதான், கிளிப்பை ரைட் கிளிக் பண்ணி பிராக்ஸி உருவாக்கி, ப்ரிவியூவுக்குக் கீழ அந்த டாகிள் பட்டனைச் சேர்த்துக்கோங்க. பிராக்ஸியை வெளியில எஃப்எஃப்எம்பெக்ல செஞ்சு சேர்க்கறவங்க ஃப்ரேம் ரேட்டும், நீளமும், ஆடியோ சேனல் எண்ணிக்கையும் ஒரிஜினலோட அப்படியே பொருந்தணும், கேமரா ரெண்டு ஆடியோ டிராக் எழுதியிருந்தா பிராக்ஸியிலயும் ரெண்டு இருக்கணும், இல்லன்னா இணைக்கவே விடாது.

தம்பி, வேலை முடிஞ்சு அவங்க பார்த்து சரின்னு சொன்னதும் பிராக்ஸி ஃபோல்டரை அழிச்சுடலாம், எப்ப வேணும்னாலும் திரும்ப செஞ்சுக்கலாம். ஒரிஜினல் கிளிப்பு, மாத்தி வச்ச போன் கிளிப்பு, ப்ராஜெக்ட் ஃபைல் இது மூணையும் மட்டும் ரெண்டு டிஸ்க்ல வைங்க, ஃபோல்டர் பேரை மாத்தாம. அஞ்சு நிமிஷக் கிளிப்புக்கு எவ்வளவு நேரம் வந்துச்சுன்னு இங்கேயே எழுதுங்க, அதைப் பார்த்து 1280-லயே இருக்கலாமா 960-க்கு இறங்கணுமான்னு சொல்றேன்.